எலெக்ட்ரிக் காரில் இன்சுலேஷன் எச்சரிக்கை: ஏன் ஓட்டக் கூடாது, ஏன் சார்ஜ் போடக் கூடாது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கிரீனில் ஹை வோல்டேஜ் இன்சுலேஷன் கோளாறு என்று வருகிறது. வண்டி வழக்கம்போலத்தானே ஓடுகிறது?

இந்தக் கோளாறில் வண்டி அப்படித்தான் ஓடும். பெட்ரோல் காரிலும் எலெக்ட்ரிக் காரிலும் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ், வண்டியின் பாடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி அப்படி இல்லை. அதன் பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியைத் தொடாமல் தனியாக நிற்கின்றன. ஆரஞ்சு நிறக் கேபிள்கள், மோட்டார், மோட்டாருக்கு ஏற்றபடி பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர், ஏசி கம்ப்ரஸர், சார்ஜர் என்று அந்த மின்சாரம் போகும் இடமெல்லாம் பாடியிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கும்.

எங்கோ ஓர் இடத்தில் அந்தப் பிரிவு உடைந்து, பிளஸ் மட்டும் பாடியோடு தொடர்பு கொள்கிறது என்று வையுங்கள். மின்சாரம் ஓட ஒரு முழுச் சுற்று வேண்டும். மைனஸ் இன்னும் தனியாகவே இருப்பதால் சுற்று முழுமையாகவில்லை. அதனால் ஃபியூஸ் போகாது, பிக்கப் குறையாது, ரேஞ்ச் குறையாது. வண்டி ஓடும் விதத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால்தான், இதை மட்டும் ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் ஒரு சர்க்யூட்டை வண்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எச்சரிக்கை தந்தது அதுதான்.

கதவை, பானெட்டை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். ஷாக் அடிக்கவில்லையே?

முதல் கசிவில் அடிக்காது. நீங்கள் தொட்டது பாடியை மட்டும்தான். பேட்டரியின் மறுமுனைக்குப் போக உங்கள் வழியாக எந்தப் பாதையும் இல்லை. இதை வைத்து “ஒன்றுமில்லை” என்று முடிவுக்கு வருவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தப்பு.

இரண்டாவது கசிவு வந்தால் நிலைமை வேறு. நம் ஊரில் ஓடும் பல கார்களில் பேட்டரி சுமார் 320 வோல்ட். பிளஸ் ஏற்கெனவே பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, மெக்கானிக் ஒரு கையைப் பாடியில் ஊன்றி, மறு கையால் தோல் உரிந்த மைனஸ் கேபிளைத் தொட்டுவிட்டால் 320 வோல்ட் முழுவதும் அவர் உடம்பின் குறுக்கே நிற்கும். மனித உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் சுமார் 320 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும்.

மனிதர் யாரும் தொடாவிட்டாலும், மைனஸ் பக்கத்தில் இன்னொரு இடத்தில் இன்சுலேஷன் போனால் பாடி வழியாகவே பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்துவிடும். அது ஷார்ட் சர்க்யூட். ஓடும் வண்டியில் சட்டென்று பவர் போகலாம், தீப்பொறி பறக்கலாம். ஒரு கோளாறு வந்தாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்பதற்காக இரண்டு தடுப்புகளோடு செய்யப்பட்ட அமைப்பு இது. எச்சரிக்கை வந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் ஒன்றுதான் மிச்சம்.

எவ்வளவு கசிந்தால் எச்சரிக்கை வரும்? சும்மா சென்சார் கோளாறாக இருக்காதா?

இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. இந்தியாவின் AIS-038 தரமும், அதற்கு அடிப்படையான ஐ.நா.வின் R100 விதியும் பாடிக்கும் பேட்டரி மின்சாரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய தடையை வோல்ட் கணக்கில் சொல்கின்றன: பேட்டரியின் நேர் மின்சாரமான டிசி ஓடும் பகுதிக்கு ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், இன்வெர்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மாறு மின்சாரப் பகுதிக்கு ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம். 320 வோல்ட் வண்டியில் இது முறையே 32 கிலோ ஓம், 160 கிலோ ஓம். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இந்தத் தடை மெகா ஓம் கணக்கில், அதாவது பத்து லட்சம் ஓம்களுக்கு மேல் இருக்கும். ஆகவே எச்சரிக்கை வந்துவிட்டது என்றால் சின்ன இறக்கம் இல்லை. பல மடங்கு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளக்கும் விதம் எளிது. கண்காணிக்கும் சர்க்யூட், தெரிந்த மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரைப் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கணம் இணைக்கும், பிறகு மைனஸுக்கும் பாடிக்கும் நடுவே. இரண்டு முறையும் வோல்டேஜ் எப்படி நகர்கிறது என்று பார்த்துக் கசிவைக் கணக்கிடும். அந்த சர்க்யூட்டே கெட்டுப்போய்த் தவறான எச்சரிக்கை தருவதும் உண்டு. ஆனால் அது உண்மைக் கசிவா, அளக்கும் கருவியின் கோளாறா என்பதைத் தனி மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். அளக்கும்வரை உண்மை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போது வந்தால்?

நடு ரோட்டில் பிரேக் போடாதீர்கள். பல வண்டிகள் ஓட்டத்தின் நடுவில் பவரைத் துண்டிப்பதில்லை. அணைத்த பிறகு மறுபடி கிளம்ப விடாமல் செய்யும். அதனால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஓரமாக, முடிந்தால் கட்டடங்களும் மற்ற வண்டிகளும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பார்க்கில் போட்டு அணைத்துவிட்டு, எல்லோரும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்புறம் கம்பெனியின் சாலை உதவி எண்ணுக்கு அழைத்து “இன்சுலேஷன் எச்சரிக்கை, ஃபிளாட்பெட் வேண்டும்” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஃபிளாட்பெட் என்பது வண்டியை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் டோ வண்டி.

வண்டிக்கு அடியிலிருந்து புகை, ‘உஸ்’ என்ற சத்தம், படபடவென்று வெடிக்கும் ஒலி, இனிப்பான கரைப்பான் வாசனை இதில் எது வந்தாலும் பையை எடுக்கக்கூடத் திரும்பிப் போகாதீர்கள். தள்ளிப் போய் 112 அல்லது 101-க்கு அழைத்து, எலெக்ட்ரிக் கார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சர்வீஸ் சென்டர் பக்கத்தில்தான். மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா?

வேகம் இதில் ஒரு பொருட்டே இல்லை. பேட்டரி பெட்டிக்குள் கான்டாக்டர் என்ற பெரிய ரிலேக்கள் இருக்கின்றன. வண்டியை அணைத்து நிறுத்தினால் அவை திறந்துகொள்ளும். உயர் மின்னழுத்தம் பேட்டரி பெட்டிக்குள்ளேயே அடைபட்டுவிடும். ஸ்டார்ட் செய்து ரெடி விளக்கு எரிந்ததும் அவை மூடிக்கொண்டு, அந்த 320 வோல்ட்டும் வண்டி முழுக்கப் பரவும். நீங்கள் 10 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 100-இல் போனாலும், சிக்னலில் சும்மா நின்றாலும், கசிகிற இடத்தில் மின்னழுத்தம் அதேதான்.

கோளாறு பேட்டரிக்கு வெளியே இருந்தால், அணைத்து வைத்த வண்டியில் அது கிட்டத்தட்ட உயிரற்றுக் கிடக்கும். ஓட்டும்போது மறுபடி உயிர் கொடுக்கிறீர்கள். கூடவே அதிர்வு, சூடு, ரோட்டுத் தண்ணீர் என்று இரண்டாவது கசிவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

ஓட்டவில்லை. சார்ஜ் மட்டும் போட்டு வைக்கலாமா?

கூடாது. என் கணக்கில் ஓட்டுவதைவிட இதுதான் மோசம், ஏனென்றால் பெரும்பாலும் ராத்திரியில், வீட்டுப் போர்ட்டிகோவில், யாரும் பார்க்காமல் மணிக்கணக்கில் நடக்கிறது.

சார்ஜ் போட்டாலும் அதே கான்டாக்டர்கள் மூடிக்கொள்கின்றன. அதோடு சார்ஜ் ஏற ஏறப் பேட்டரியின் வோல்டேஜும் உச்சத்துக்குப் போகிறது. இன்னொன்று, சார்ஜிங் கேபிளில் உள்ள எர்த் கம்பி வண்டியின் பாடியை உங்கள் வீட்டு எர்த்தோடு சேர்க்கிறது. இதுவரை டயர்மேல் தனியாக நின்ற வண்டி, இப்போது வீட்டு வயரிங்கின் ஒரு பகுதி. கசிவு வண்டிக்குள் இருக்கும் சார்ஜரில் என்றால், அதன் உள்ளே வீட்டு 230 வோல்ட்டையும் பேட்டரியையும் பிரித்து வைக்கும் தடுப்பே பலவீனமாகியிருக்கலாம். கோடையில் காய்ந்துபோன எர்த் குழி உள்ள வீடுகளில் இது இன்னும் கவலைக்குரியது. எர்த் வேலை செய்யாவிட்டால் பாடியிலேயே மின்சாரம் ஏறி நிற்க முடியும்.

“கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகவில்லையே” என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான வண்டிகளில் உள்ளே இருக்கும் சார்ஜர், டிரான்ஸ்ஃபார்மர் மூலம் பேட்டரியை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கிறது. அதனால் பேட்டரிப் பக்கம் நடக்கும் கசிவு வீட்டு ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. தவிர, சாதாரண வகை ஆர்சிசிபி டிசி கசிவைச் சரியாக உணராது. அது ட்ரிப் ஆகாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

கசிவு பேட்டரி பெட்டிக்குள்ளேயே இருந்தால் இன்னும் ஒரு சிக்கல். அங்கே இரண்டாவது கசிவும் உள்ளேயே வந்தால், ஃபியூஸும் கான்டாக்டரும் குறுக்கே வராத ஒரு சுற்றில் மின்சாரம் பாயக்கூடும். அதை எந்த சுவிட்சும் நிறுத்த முடியாது. அந்த நிலையில் இருக்கும் பேட்டரிக்குள் மேலும் சக்தியை ஏற்றுவது நியாயமே இல்லை. வண்டியில் 15 சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது என்றால் அப்படியே இருக்கட்டும். டோ வண்டிக்கு சார்ஜ் தேவையில்லை.

ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வேறு ஸ்டேஷனில் முயன்று பார்க்கட்டுமா?

வேண்டாம். நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் சார்ஜரின் கோளாறு இல்லை. சிசிஎஸ் என்ற வகைப் பிளக் கொண்ட ஃபாஸ்ட் சார்ஜர் மின்சாரம் தருவதற்கு முன்பு கேபிளில் வோல்டேஜ் ஏற்றித் தன் பக்க இன்சுலேஷனைச் சோதிக்கும். அந்த நேரத்தில் வண்டியின் கான்டாக்டர்கள் திறந்தே இருப்பதால், சோதனைக்கு உள்ளாவது கேபிளும் சார்ஜிங் வாயும் மட்டும்தான். அது பாஸ் ஆகிவிடும். பிறகு கான்டாக்டர்கள் மூடி, பேட்டரியும் சார்ஜரும் ஒரே சுற்றாகும்போது, சார்ஜரின் கண்காணிப்பு வண்டிக்குள் இருக்கும் கசிவையும் பார்த்துவிட்டு நிறுத்துகிறது.

எனவே, மாட்டியதும் ஒழுங்காகத் தொடங்கி, பிறகு இன்சுலேஷன் பிழை காட்டி நின்றால் சந்தேகம் வண்டியின் மேல்தான் விழ வேண்டும். தொடங்கும் முன்பே நின்றால் கேபிளோ, சார்ஜிங் வாயில் நிற்கும் மழைத் தண்ணீரோ காரணமாக இருக்கலாம். வண்டியின் ஸ்கிரீனிலும் எச்சரிக்கை இருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை, சார்ஜிங்கை அத்தோடு விட்டுவிடுங்கள்.

மழைத் தண்ணீரில் போனபோது வந்தது. இரண்டு நாள் வெயிலில் நிறுத்தியதும் தானாகப் போய்விட்டது. இனி ஓட்டலாமா?

தண்ணீர் காய்ந்தால் தடை ஏறும், எச்சரிக்கை அணையும். ஆனால் தண்ணீர் உள்ளே போன வழி அடைபடவில்லை. காய்ந்த தண்ணீர் தன்னோடு கொண்டுவந்த உப்பையும் சேற்றையும் கனெக்டர் பின்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போகும். அடுத்த ஈரப்பதத்தில் அந்தப் படலமே மின்சாரம் ஓடும் பாதையாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் பெரிதாகும்.

கனெக்டரில் மட்டும் தண்ணீர் போயிருந்தால் சுத்தம் செய்தோ மாற்றியோ சரிப்படுத்தலாம். பேட்டரி பெட்டிக்குள் போயிருந்தால் கதை வேறு. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல் நீரில் மூழ்கிய எலெக்ட்ரிக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. வெள்ளத்தில் மூழ்கிய எலெக்ட்ரிக் காரைக் கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் தள்ளி நிறுத்தும்படி அங்கே அறிவுறுத்துகிறார்கள். சென்னையில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. நல்ல தண்ணீரைவிடக் கடல் நீர் கலந்த தண்ணீர் மோசம். எதுவாக இருந்தாலும் பேட்டரி அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், திறந்த வெளியில் வைத்து, அங்கிருந்தே ஏற்றி அனுப்ப வேண்டும்.

ஏசி போட்டால் மட்டும்தான் எச்சரிக்கை வருகிறது. ஏசி இல்லாமல் ஓட்டினால் போதாதா?

எப்போது வருகிறது என்பது நல்ல துப்பு. ஸ்டார்ட் செய்ததுமே வந்தால் பேட்டரி, கேபிள் பக்கம் பார்ப்போம். டி கியரில் போட்டு நகர்த்தும்போது என்றால் இன்வெர்ட்டர், மோட்டார். சார்ஜ் போடும்போது மட்டும் என்றால் சார்ஜர், சார்ஜிங் வாய். ஏசியோடு வந்தால் கம்ப்ரஸர். ஆனால் ஏசி பட்டனை அணைப்பதால் கம்ப்ரஸர் கேபிளில் மின்சாரம் நிற்பதில்லை. வண்டி ரெடியில் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கிறது.

இதில் அடிக்கடி வரும் ஒரு காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. 320 வோல்ட் வண்டி ஒன்று, ஏசி கூலிங் குறைந்ததால் சாதாரண ஏசி கடையில் கேஸ் ஏற்றிக்கொள்கிறது. கூலிங் நன்றாக வருகிறது. சில வாரம் கழித்து, ஏசி போட்டதும் இன்சுலேஷன் எச்சரிக்கை. ஸ்கேனரில் P0AA6 என்ற, இன்சுலேஷன் கோளாறைச் சொல்லும் பிழைக் குறியீடு. ஏசி போடாதபோது வண்டியே அளந்து காட்டும் தடை 3 மெகா ஓம். ஏசி போட்டால் 90 கிலோ ஓம். மேலே சொன்ன 160 கிலோ ஓம் எல்லைக்குக் கீழே. வண்டியை முறைப்படி மின்சாரம் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்து, கம்ப்ரஸரின் ஆரஞ்சு கனெக்டரைக் கழற்றி இரண்டு பக்கமும் தனித்தனியே அளக்கிறார்கள். கேபிள் பக்கம் மெகா ஓம் கணக்கில் நன்றாக இருக்கிறது. கம்ப்ரஸர் பக்கம் அதன் உடலுக்கு 90 கிலோ ஓம் அளவிலேயே நிற்கிறது. திருடன் அகப்பட்டுவிட்டான்.

காரணம் ஆயில். எலெக்ட்ரிக் காரின் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. ஏசி கேஸும் ஆயிலும் அந்த மோட்டாரின் காப்பர் சுருள்களை நனைத்துக்கொண்டே சுற்றுகின்றன. அதனால் மின்சாரம் கடத்தாத, பெரும்பாலும் பிஓஇ வகை ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். பெட்ரோல் கார்களில் பிஏஜி ஆயில் வழக்கம். அது ஈரத்தை உறிஞ்சும், மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும். பெட்ரோல் கார்களுக்குப் பயன்படுத்திய அதே மெஷினின் குழாயில் ஒட்டியிருந்த ஆயில் கொஞ்சம் கலந்தாலே தடை விழுந்துவிடும். கம்ப்ரஸரை மாற்றி, குழாய்களைக் கழுவி, ஏசியில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றிய பிறகுதான் வண்டி தேறும். சில கம்ப்ரஸர்களுக்கென்றே தனி வகை பிஏஜி ஆயிலும் உண்டு, ஆகவே பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். பானெட்டுக்கு அடியிலோ கம்ப்ரஸரின் மேலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் ஆயிலைத் தவிர வேறெதுவும் கூடாது.

ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டால் வண்டி கிளம்புகிறது. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சரியாகிறது. அப்படி ஓட்டலாமா?

அழிந்தது குறியீடு மட்டும்தான். வண்டி மறுபடி அளந்து முடிக்கும்வரை உங்களுக்குக் கிடைத்தது, காவல் இல்லாத கொஞ்ச நேரம். கோளாறு வந்த நேரத்தில் வண்டி பதிவு செய்து வைத்த விவரங்களும் அதோடு போய்விடும். எப்போது, எந்த வோல்டேஜில், எது ஓடும்போது தடை விழுந்தது என்ற அந்தப் பதிவு இல்லாவிட்டால், விட்டு விட்டு வரும் கசிவைத் தேடுபவர் இருட்டில் தேட வேண்டியதுதான். ஸ்கிரீனை போட்டோ எடுத்து வையுங்கள், குறியீட்டைத் தொடாதீர்கள்.

எலெக்ட்ரீஷியன் ஒருவர் தெரிந்தவர். மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம் என்கிறார்.

வீட்டு வயரிங்கில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதற்கு அது போதாது. வீட்டில் மெயினை அணைத்தால் மின்சாரம் நின்றுவிடும். இங்கே பேட்டரிக்குள் எதை அணைத்தாலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரில் உள்ள கெப்பாசிட்டர்களும் அணைத்த பிறகு சில நிமிடங்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மல்டிமீட்டரின் ஓம் அளவீடு சில வோல்ட்டில் நடப்பது. அந்த வோல்டேஜில் நல்லதாகக் காட்டும் இன்சுலேஷன், 500 வோல்ட்டில் சோதிக்கும்போது விழுந்துவிடலாம். அதற்கென்று இருக்கும் இன்சுலேஷன் டெஸ்டர், நம்மவர்கள் மெக்கர் என்று சொல்வது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதையும் தவறான இடத்தில் வைத்தால் எலெக்ட்ரானிக் போர்டுகள் எரிந்துவிடும்.

பயிற்சி பெற்றவர் முதலில் பெரிய பேட்டரியின் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, வேறு யாரும் மாட்டிவிடாதபடி தன்னிடம் வைத்துக்கொண்டு, கம்பெனி சொன்ன நேரம் காத்திருப்பார். 1000 வோல்ட் ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை. மீட்டரை முதலில் தெரிந்த ஒரு வோல்டேஜில் சரிபார்த்து, பிறகு இடத்தை அளந்து பூஜ்யம் என்று கண்டு, மீட்டர் நடுவில் கெட்டுவிடவில்லை என்பதற்காக மறுபடி தெரிந்த வோல்டேஜில் சரிபார்ப்பார். இந்த வரிசையைத் தவறாமல் செய்பவரிடம்தான் வண்டியை நம்பிக் கொடுக்க முடியும்.

சாதாரணமாகக் கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?

கூடாது. பெரும்பாலான கார்களில் காந்த மோட்டார் சக்கரத்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது. சக்கரம் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகி, நீங்கள் அணைத்து வைத்த பகுதியிலேயே வோல்டேஜை உண்டாக்கும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாத ஃபிளாட்பெட்தான் வழி.

சரி செய்துவிட்டோம் என்று வண்டியைத் தருகிறார்கள். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

“குறியீட்டை அழித்துவிட்டோம், இப்போது வரவில்லை” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எந்தப் பாகத்தில் கசிந்தது, வேலைக்கு முன்பு தடை எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஜாப் கார்டில் எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் அளந்த எண் மெகா ஓமில் இருக்க வேண்டும். எல்லைக்குச் சற்றே மேலே, 200 கிலோ ஓம் என்று வந்தால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. மழையில் வந்த கோளாறு என்றால் தண்ணீர் எந்த வழியாகப் போனது, எந்த சீலை மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஏசி போடும்போது வந்தது என்றால் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எலி கடித்த கேபிள் என்றால் ஆரஞ்சுக் கேபிளை டேப் சுற்றி ஒட்ட விடாதீர்கள். முழுக் கேபிளும் மாற வேண்டும், கழற்றிய பழைய கேபிளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எடுத்துப் போவதற்கு முன் அங்கேயே ஏசி போட்டு ஒரு ஓட்டம், பிறகு அங்கேயே ஒரு சார்ஜிங், இரண்டும் முடிந்து எண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.